மூச்சுப் பயிற்சி நுரையீரலில் எதை மாற்றும், எதை மாற்றாது?

கேள்வி: தினமும் பிராணாயாமம் செய்தால் உடம்புக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும் என்று யோகா வகுப்புகளில் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டுவதற்கு அநேகமாக இடமே இல்லை. விரல் நுனியில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால், சாதாரணமாக மூச்சு விடும்போதே அது 96 முதல் 99 சதவீதம் வரை காட்டும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுவதும் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள். எவ்வளவு ஆழமாக மூச்சை இழுத்தாலும் அதற்குமேல் ஏறுவது மிகச் சொற்பம்.

மெதுவான மூச்சு மாற்றுவது வேறொன்றை: உள்ளே போகும் காற்றில் எவ்வளவு பயன்படுகிறது என்பதை. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மி.லி. காற்றை இழுக்கிறார். அதில் சுமார் 150 மி.லி. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களிலேயே தங்கி, அப்படியே வெளியேறிவிடும். ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும் இடமான காற்று நுண்ணறைகளை எட்டுவது மீதி 350 மி.லி. மட்டுமே. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் மொத்தம் 7,500 மி.லி. காற்று உள்ளே போகிறது, நுண்ணறைகளுக்குச் சேர்வது 5,250 மி.லி.

இதே மனிதர் நிமிடத்துக்கு 6 மூச்சாகக் குறைத்து, ஒவ்வொரு மூச்சிலும் 1,000 மி.லி. இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 150 மி.லி. வீணாவது அப்படியேதான் இருக்கும். ஆனால் வீணாகும் தடவைகள் ஆறாகக் குறைந்துவிட்டன. மொத்தம் 6,000 மி.லி. காற்றை இழுத்து, அதில் 5,100 மி.லி.யை நுண்ணறைகளுக்குச் சேர்க்கிறார். உடம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதே அளவுதான், அதற்காக உள்ளே இழுக்க வேண்டிய காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மெதுவான மூச்சு தரும் லாபம் இந்தச் சிக்கனம்தான்.

கேள்வி: ஆக்சிஜன் கூடவில்லை என்றால், பயிற்சி முடிந்ததும் வரும் தெளிவும் அமைதியும் எதனால்?

பதில்: அவை நரம்பு மண்டலத்தின் வழியாக வருபவை. மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். வெளிமூச்சை நீட்டினால் அந்த விளைவும் நீளும். ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயலும் ஏறத்தாழ பத்து வினாடிக்கு ஒரு சுற்று என்ற கதியில் இயங்குகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்பதும் அதே கதிதான். இரண்டும் ஒத்துப்போகும்போது அந்த அனிச்சைச் செயல் வலுப்படுகிறது.

இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும், மந்திரம் ஓதியவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்தது, ரத்த அழுத்த அனிச்சைச் செயலும் மேம்பட்டது. மதமோ மொழியோ வேறாக இருந்தாலும் பலன் ஒன்றே. அது மூச்சின் வேகத்தைப் பொறுத்தது.

கேள்வி: தொடர்ந்து பயிற்சி செய்தால் நுரையீரலின் கொள்ளளவு பெரிதாகுமா?

பதில்: ஆகாது. நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை உயரம், பாலினம், வயது, மார்புக்கூட்டின் அமைப்பு ஆகியவையே முடிவு செய்கின்றன. வளர்ந்த மனிதருக்குப் பயிற்சியால் புதிய நுண்ணறைகள் உருவாவதில்லை.

ஆனாலும் ஸ்பைரோமெட்ரி அறிக்கையில் சில எண்கள் கூடுவது உண்டு. அதற்குக் காரணம் தசைகள். மூச்சை முழுவதுமாக இழுப்பதற்கும் ஊதித் தள்ளுவதற்கும் உதரவிதானம், விலா இடைத் தசைகள், வயிற்றுத் தசைகள் ஆகியவை உழைக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரின் உடலியங்கியல் துறையினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு 12 வாரம் யோகாசனமும் பிராணாயாமமும் கற்றுத்தந்தபின், உள்ளிழுக்கும் அழுத்தம், வெளியே தள்ளும் அழுத்தம் இரண்டும் உயர்ந்திருந்தன. நுரையீரல் அதேதான். அதை இயக்கும் தசைகள் வலுப்பெற்றன.

மூச்சை அடக்கும் நேரம் நீள்வதையும் பலர் கொள்ளளவு கூடியதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மூளை ‘போதும், மூச்சு விடு’ என்று கட்டாயப்படுத்துகிறது. பழகப் பழக அந்த உந்துதலைத் தாங்கும் பொறுமை கூடுகிறது. அது நுரையீரலின் அளவையோ நலத்தையோ சொல்வதில்லை. பத்து வினாடி மூச்சை அடக்க முடிந்தால் கொரோனா இல்லை என்று 2020இல் பரவிய செய்தி தவறானதும் இதனால்தான்.

கேள்வி: ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சுப் பயிற்சி செய்தால் இன்ஹேலரை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. ஏன் என்பதை ஸ்பைரோமெட்ரி அறிக்கை ஒன்றைப் படித்தாலே புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பரிசோதனையில் மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் குழாயை வைத்து, முடிந்தவரை மூச்சை இழுத்து, பிறகு ஒரே மூச்சாக வேகத்துடன் ஊதச் சொல்வார்கள். மொத்தமாக வெளியே வந்த காற்று ஓர் அளவு. முதல் ஒரு வினாடியில் மட்டும் வந்த காற்று இன்னோர் அளவு. மூச்சுக்குழாய்கள் திறந்திருந்தால், மொத்தக் காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்கு மேலோ முதல் வினாடியிலேயே வந்துவிடும். குழாய் சுருங்கியிருந்தால் முதல் வினாடியின் அளவு இறங்கும்.

45 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பயிற்சி தொடங்கும் முன் மொத்தக் காற்று 2.50 லிட்டர், முதல் வினாடியில் 1.60 லிட்டர், அதாவது 64 சதவீதம். மூன்று மாதம் நாடி சுத்தி செய்தபின் மொத்தம் 2.60, முதல் வினாடியில் 1.65, அதாவது 63 சதவீதம். இளைப்பு குறைந்ததாக அவர் சொல்கிறார், இரவில் நன்றாகத் தூங்குகிறார். அறிக்கையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 50 மி.லி. வித்தியாசம் என்பது ஒரே நாளில் இரண்டு முறை ஊதினாலும் வரக்கூடியது. அன்றைக்கே மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து ஊதச் சொன்னால் முதல் வினாடியின் அளவு 2.00 லிட்டராகிறது. அதாவது 350 மி.லி. கூடுதல், 21 சதவீத உயர்வு. குழாய் இவ்வளவு நாளும் சுருங்கியேதான் இருந்திருக்கிறது. பயிற்சி அதைத் திறக்கவில்லை, மருந்து திறந்தது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பிரிட்டனில் 655 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூச்சுப் பயிற்சி கற்றவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. முதல் வினாடிக் காற்றிலும் மூச்சுக்குழாய் அழற்சியிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதற்கு முன்பே, 1990இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு, லேசான ஆஸ்துமா உள்ள 18 பேருக்குப் பிராணாயாமத்தின் 1:2 கணக்கில் மூச்சு விடவைக்கும் ‘பிங்க் சிட்டி’ என்ற கருவியைக் கொடுத்துப் பார்த்தது. இரண்டு வார முடிவில் மூச்சுக்குழாயின் எளிதில் சுருங்கும் தன்மை ஓரளவு குறைந்திருந்தது. ஆனால் முதல் வினாடிக் காற்றில் தெளிவான உயர்வு இல்லை.

ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாய்ச் சுவரின் அழற்சி. அதைத் தணிப்பது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். பதற்றத்தால் வேகமாக மூச்சு வாங்கி, அதனால் இளைப்பு இன்னும் கூடும் பகுதியை மட்டுமே பயிற்சி குறைக்கிறது. இதில் ஆபத்தும் இருக்கிறது: இளைப்பு தெரியாமல் போனதால் நோய் போய்விட்டது என்று நினைத்து இன்ஹேலரை நிறுத்துபவருக்கு, அழற்சி சத்தமின்றி வளரும். வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால், காலையும் மாலையும் ஊதிக் குறித்து வைத்தால் இது தெரிந்துவிடும். உணர்வு நன்றாக இருந்தும் எண் நாளுக்கு நாள் இறங்கினால், எண்ணையே நம்ப வேண்டும்.

கேள்வி: பல வருடம் பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு இது உதவுமா?

பதில்: நடக்கவும் படியேறவும் உதவும், சிதைந்ததைச் சரிசெய்யாது. சிஓபிடி என்ற இந்த நோயில் நுண்ணறைச் சுவர்கள் அழிந்து, சிறு குழாய்கள் காற்று முழுவதும் வெளியேறும் முன்பே மூடிக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 20 மூச்சு வாங்குபவருக்கு ஒரு மூச்சுக்கு மூன்று வினாடிதான் கிடைக்கிறது. பழைய காற்று வெளியேறி முடியும் முன் அடுத்த காற்று உள்ளே வந்து, மார்பு ஊதிக்கொண்டே போகிறது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால் வெளியேற நேரம் கிடைக்கும், குழாய்களும் சற்றுத் திறந்தே இருக்கும். இப்படிப் பயிற்சி செய்பவர்கள் ஆறு நிமிடத்தில் கூடுதல் தூரம் நடப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அழிந்த நுண்ணறை மீண்டும் முளைக்காது. நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கப் புகையை நிறுத்துவதே வழி.

கேள்வி: எப்படிச் செய்வது பாதுகாப்பானது? எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கின் வழியாக நான்கு வினாடி இழுத்து ஆறு வினாடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வயிறு எழ வேண்டும், தோள் எழக் கூடாது. பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் மூன்று வினாடி, ஐந்து வினாடி என்று வைத்துக்கொள்ளலாம்.

தலை கிறுகிறுத்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்தால், தேவைக்கு மேல் காற்று போய்க் கரியமில வாயு குறைந்துவிட்டது என்று பொருள். மூச்சின் ஆழத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சிஓபிடி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் கும்பகத்தைத் தவிர்க்க வேண்டும். கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகள் இங்கே சொன்னவற்றில் சேராதவை. அவற்றை அளவுமீறிச் செய்தவருக்கு நுரையீரல் உறையில் காற்று புகுந்ததாக மருத்துவ இதழில் பதிவு உண்டு.

வீசிங் கூடி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, ஆக்சிமீட்டர் 92க்குக் கீழே காட்டினாலோ, அது மூச்சுப் பயிற்சி செய்யும் நேரமல்ல. நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.