மேலெழுந்த எண் கீழே விழுந்தால்

கேள்வி: ஸ்கேன் செய்த பழைய வேதியியல் அட்டவணையில் அசெட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி ‘1.8 × 105’ என்று தெரிகிறது. இதை எப்படிப் படிப்பது?

பதில்: அச்சில் இருந்தது 1.8 × 10⁻⁵. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும்போது அடுக்கு எண் வரிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. மெல்லிய கழித்தல் குறியோ மறைந்துபோகிறது. அசெட்டிக் அமிலம் வலிமை குறைந்தது என்பதால், அதன் மாறிலி ஒன்றைவிட மிகச் சிறியதாகவே இருக்க வேண்டும்.

பக்கத்தில் pKa நிரல் இருந்தால் உறுதிப்படுத்தலாம். அங்கே 4.74 என்று இருந்தால், 10⁻⁴·⁷⁴ ஏறத்தாழ 1.8 × 10⁻⁵. இரண்டும் பொருந்துகின்றன.

நிரலின் தலைப்பையும் பார்க்க வேண்டும். அது ‘10⁵Ka’ என்றால், கீழே உள்ள 1.8 ஏற்கெனவே 10⁵-ஆல் பெருக்கப்பட்ட மதிப்பு. உண்மை மதிப்புக்கு அதை 10⁵-ஆல் வகுக்க வேண்டும்.

பின்னங்களிலும் இதே சிக்கல் உண்டு. எத்தனாலின் கொதிநிலை 78½°C என்பது ‘781/2’ ஆகிவிட்டால் 390.5 என்று படிக்க நேரும். மெத்தனால் சுமார் 65°C-இல் கொதிப்பதால், அந்த எண் பொருந்தாது என்பது உடனே தெரியும். ஐயம் தீராவிட்டால் மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே வழி.