வினாத்தாளை அரபு மொழியில் பெயர்க்க

கீழ்பென்னாத்தூரிலிருந்து பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளைக் கைபேசியில் படமெடுத்து, வளைகுடாவில் உள்ள அரபு ஆசிரியருக்கு மொழிபெயர்த்து அனுப்ப நேர்பவர், முதலில் எண்களை மட்டும் தனித்தாளில் படியெடுத்துக்கொள்வது உத்தமம். ஏனெனில் மங்கிய படத்தில் அடுக்குக்குறியின் சிற்றெண் கீழே இறங்கி, ஐந்தின் வர்க்கம் ஐம்பத்திரண்டாக வாசிக்கப்படுவது சர்வசாதாரணம். கிழக்கு அரபு இலக்கங்களில் சுழியம் ஒரு புள்ளியாகவும், ஐந்து நம் சுழியம் போன்ற வட்டமாகவும் இருப்பதால், அவ்விலக்கங்களில் எழுதிய பின்னும் மறுபடி ஒப்பிடுக.

சொற்கணக்கில் அபாயம் வேறு விதம். "தந்தையின் வயது மகனின் வயதைப்போல் 3 மடங்கு, 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்காகும்" என்ற வினாவுக்கு விடை 12, 36. அதையே "3 மடங்கு அதிகம்" என்று பொருள்படப் பெயர்த்தால், நான்கு மடங்கெனக் கொள்பவருக்கு 6, 24 என்ற விடை கிடைக்கும். அதுவும் முழு எண்ணாகவே அமைவதால் பிழை கண்ணில் படாது. அரபியில் 'ளிஅஃப்' பெரும்பாலும் இரட்டிப்பையே குறிப்பதால், மூன்று மடங்குக்கு 'ஸலாஸத் அம்ஸால்' என்பதே சந்தேகத்துக்கு இடமற்றது.

இலட்சம் என்பதை நூறாயிரம் என்று எழுதுக. "எண்களைக் காண்க" என்றிருந்து, அவை இரண்டென்பது வினாவிலேயே தெளிவானால், அரபியின் இருமை வடிவத்தைப் பயன்படுத்துக. தெளிவில்லையேல் பன்மையே போதும், இருமை விடையின் ஒரு பகுதியைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

முடிவில், தமிழ் மூலத்தைப் பாராத ஒருவரிடம் அரபுப் பிரதியைக் கொடுத்துச் சமன்பாட்டை மட்டும் எழுதச் சொல்லி, மூலத்தின் சமன்பாட்டோடு ஒப்பிடுக. படத்தில் தெரியாத இலக்கத்தை ஊகித்து நிரப்பாமல், அவ்விடத்தில் தெளிவில்லை என்றே குறித்து அனுப்புங்கள்.