ஒன்பது இல்லை, ஏழு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். அந்த ஏழாம் வகுப்புப் பையனின் வீட்டுக்கு அனுப்ப நீ எழுதி வைத்திருந்த மின்னஞ்சலை நேற்று ராத்திரி படித்தேன். "உங்கள் மகன் தினமும் தாமதமாக வருகிறான். பலமுறை சொல்லியும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறான். இனியும் தொடர்ந்தால் பள்ளி நடவடிக்கை எடுக்கும்." மூன்றே வரி. மூன்று சண்டைக்குப் போதும். கோபம் நியாயமானதுதான், அதற்காக அதை அப்படியே அனுப்பிவிடாதே.

"தினமும்" என்பதிலிருந்து தொடங்குவோம். போனில் கேட்டபோது ஒன்பது நாள் என்றாய். ஒன்பது நாள் எப்படி தினமும் ஆகும்? அதனால்தான் உன் வருகைப் பதிவேட்டையும் கேட்டில் வாட்ச்மேன் எழுதும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்ததும் கணக்கு மாறிவிட்டது, இல்லையா? ஜூன் 16 முதல் ஜூலை 11 வரை 20 வேலை நாள். உன் பதிவேட்டில் ஒன்பது தாமதம். வாட்ச்மேன் நோட்டில் ஏழுதான். மிச்ச இரண்டு நாளும் பையன் 8.20க்கே உள்ளே வந்து, பிரேயருக்கு மைக் செட் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அது முடிந்து வகுப்புக்கு வந்தபோது நீ சிவப்பு மையில் குறித்துவிட்டாய். ஒன்பது என்று எழுதி அனுப்பியிருந்தால், அந்த இரண்டு நாளைப் பற்றி அவன் அம்மாவிடம் சொல்லியிருப்பான். அதற்கப்புறம் நீ எழுதிய மற்ற ஏழையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்த ஏழு நாளையும் கிழமை போட்டு எழுதிப் பார். ஒரு திங்கள், மூன்று செவ்வாய், மூன்று வியாழன். மணி 8.40க்கு. அவன் வந்து சேர்ந்தது 8.52க்கும் 9.10க்கும் நடுவில். செவ்வாயும் வியாழனும் முதல் பீரியட் கணக்கு. உடனே உனக்கு ஒன்று தோன்றியிருக்கும்: கணக்குக்குப் பயந்து ஒளிகிறான் என்று. இருக்கலாம். அந்த இரண்டு நாளில் வீட்டில் வேறு ஏதாவதும் நடக்கலாம். உனக்கும் எனக்கும் கிழமை தெரியும், காரணம் தெரியாது. அதனால் கடிதத்தில் கிழமையை எழுது, காரணத்தைக் கேள்.

இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் டைரியில் "பொறுப்பு போதவில்லை" என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் கையெழுத்தோடு வந்தான். முழங்கைக்குக் கீழே பெல்ட் தடிப்பு. அப்புறம்தான் பதிவேட்டை எடுத்து விரித்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் தாமதம். அவர்கள் தெருவில் குழாயில் தண்ணீர் விடுவதும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். காலை ஏழரைக்கு மேல் வரும். அம்மா அதற்குள் வேலைக்குப் போயிருப்பாள். வரிசையில் நின்று குடம் நிரப்பியது அந்தப் பையன். யாருக்குப் பொறுப்பு போதவில்லை என்று நீயே சொல். அன்றிலிருந்து பிள்ளையின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் நான் எழுதியதில்லை. மணியும் தேதியும் மட்டும்தான்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் பையனிடம் தனியாக இரண்டு நிமிஷம் பேசு. "ஏன் லேட்?" என்று கேட்டால் "சாரி மிஸ்" என்றுதான் பதில் வரும். "செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வாய்?" என்று கேள். வீட்டுக்கு எழுதப் போவதையும் சொல்லிவிடு. அவனுக்குத் தெரியாமல் போகும் கடிதத்தைக் கோள் சொன்னதாகத்தான் நினைப்பான்.

இன்னொன்று. லேட்டாக வந்தவனைப் பத்து நிமிஷம் வெளியே நிறுத்துவது உங்கள் பள்ளியில் வழக்கம் என்றாய். ஏற்கெனவே பன்னிரண்டு நிமிஷப் பாடம் போனவனுக்கு இன்னும் பத்து நிமிஷத்தை நாமே பிடுங்குவதா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. எல்லோரும் பார்க்க வாசலில் நிற்க வைப்பது அதில் எந்தப் பக்கம் என்று உன் தலைமை ஆசிரியை யோசிக்கட்டும். உன் வகுப்பில் நீ நிறுத்திவிடு.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பையன் பெயரை நீ போட்டுக்கொள்.

"பொருள்: காலை வருகை குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்

வணக்கம். நான் உங்கள் மகனின் வகுப்பாசிரியை. ஜூன் 16 முதல் ஜூலை 11 வரையிலான 20 வேலை நாளில் ஏழு நாள் அவன் 8.40 மணிக்குப் பிறகு வந்திருக்கிறான். தேதியும் நேரமும் கீழே இருக்கின்றன. அவற்றில் ஆறு நாள் செவ்வாய் அல்லது வியாழன். அன்று முதல் பாடம் கணக்கு என்பதால் பின்னப் பெருக்கலின் தொடக்கம் அவனுக்கு விட்டுப்போயிருக்கிறது. மற்ற நாட்களில் நேரத்துக்கு வருகிறான்.

அந்த இரண்டு நாளும் காலையில் வீட்டிலோ வழியிலோ ஏதாவது சிரமம் இருந்தால் தெரிவியுங்கள். பள்ளியில் ஏதாவது காரணம் இருந்தாலும் சொல்லுங்கள். விட்டுப்போன பாடத்தை இந்த வாரம் மதிய இடைவேளையில் இரண்டு நாள் நான் சொல்லித்தருகிறேன். அவன் தாமதமாக வந்தாலும் நேராக வகுப்பில் வந்து உட்காரலாம். செவ்வாய், வியாழன் காலையில் வீட்டில் எதை மாற்ற முடியும் என்பதை நாம் பேசி முடிவு செய்யலாம்.

புதன் மாலை 4.15க்கு நேரில் வர முடியுமா? இல்லையென்றால் வியாழன் இரவு 7.30க்குப் போனில் பேசலாம். இரண்டு வாரம் முயன்று பார்த்து, ஆகஸ்ட் 1 அன்று மறுபடி பேசுவோம்."

அவ்வளவுதான். அப்பா, அம்மா இருவருக்கும் அனுப்பு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூச்சு விடாதே. தலைமை ஆசிரியைக்கு நகல் போட வேண்டாம், வாயால் சொல்லி வை. முதல் கடிதத்திலேயே மேலதிகாரி பெயரைப் பார்த்தால் டி.சி. கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் பெற்றோர் பயப்படுவார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால், பள்ளி வழக்கம் எதுவானாலும் தமிழிலேயே அனுப்பு.

பேசும்போது நல்ல யோசனையாகப் பத்து வரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் தூங்க வை, செல்போனை வாங்கி வை, பையை ராத்திரியே கட்டு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சுமத்தினால் மூன்றாம் நாள் எதுவும் மிஞ்சாது. இரண்டு வாரத்தில் இருப்பது நான்கே செவ்வாய்-வியாழன். நான்கில் மூன்று நாள் நேரத்துக்கு வந்துவிட்டால் வழி சரி. ஒரு மாற்றமும் இல்லையென்றால் நாம் பிடித்த காரணம் தப்பு, மறுபடி கேட்க வேண்டும். கணக்குதான் காரணம் என்று தெரியவந்தால் வீட்டாரை விட்டுவிட்டு உன் கணக்கு மாஸ்டரிடம் போ.

மூன்று நாளில் பதில் வரவில்லை என்றால் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பாதே, போன் செய். பல வீடுகளில் அந்த மின்னஞ்சல் முகவரி அட்மிஷனுக்காக பிரவுசிங் சென்டரில் உண்டாக்கியது. அதற்கப்புறம் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் அந்த ஏழு தேதியையும் இன்னொரு தடவை வாட்ச்மேன் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிடு.

அன்புடன்,
பெரியம்மா