உதவி தந்தவர்களுக்கு ஒரு முன்னேற்ற மடல்

கமக்காரர் சங்கமொன்றுக்கு விதை உதவி கிடைத்தால், அறுவடை முடிந்ததும் உதவி தந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஒரு முன்னேற்ற மடல் அனுப்ப வேண்டியிருக்கும். எமது சங்கங்கள் பல இதனை நன்றிக் கடிதமாக எழுதிவிடுகின்றன. நன்றி சொல்வது எமது வழக்கம். அது ஒரு வரியில் இருக்கட்டும். மடலைப் படிப்பவருக்கு வேண்டியவை மூன்று: பணத்தால் என்ன விளைந்தது, அது ஒரு குடும்பத்தில் எப்படித் தெரிகிறது, அடுத்து அவர் என்ன செய்யவேண்டும். இப்பாடத்தில் அவற்றை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

வன்னியில் மீளக் குடியேறிய 42 குடும்பங்களைக் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குகள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை. பெரும்போகத்துக்கு உழுந்து விதை வாங்கவும் நிலம் உழவும் 300,000 ரூபா கிடைத்தது. ஏக்கருக்கு 12 கிலோ வீதம், அரை ஏக்கருக்கு 6 கிலோ விதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்கப்பட்டது. விளைந்தபின் ஒவ்வொருவரும் 9 கிலோவைச் சங்கத்தின் விதைக் களஞ்சியத்துக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

செயலாளர் முதலில் எழுதிய வரி இது: "42 குடும்பங்களுக்கு 252 கிலோ விதை வழங்கினோம்." இது உண்மைதான். ஆனால் இது நாம் செய்த வேலையைச் சொல்கிறதே தவிர, அதனால் விளைந்ததைச் சொல்லவில்லை. விதை கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. அவர்கள் அறிய விரும்புவது விதைத்தவர் எத்தனை பேர், அறுத்தவர் எத்தனை பேர், முன்னைய பெரும்போகத்தில் இதே குடும்பங்களில் எத்தனை பேர் விதைத்தார்கள் என்பதே. முன்னைய எண் இல்லாவிட்டால் இப்போதைய எண் பெரிதா சிறிதா என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் விதை கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் "போன போகம் விதைத்தீர்களா?" என்று கேட்டுப் பதிவேட்டில் குறித்துவிட வேண்டும். அறுவடைக்குப் பின் கேட்டால் நினைவு தடுமாறும்.

எண்களைக் கூட்டிப் பார்க்கவும் வேண்டும். விதைக்காத 3 பேர், மழையில் இழந்த 6 பேர், அறுத்த 33 பேர், மொத்தம் 42. இப்படிக் கூட்டுத்தொகை சரிவரும்போது எவரும் மறைக்கப்படவில்லை என்று படிப்பவருக்குத் தெரிகிறது. இழந்த ஆறு பேரை விட்டுவிட்டு "அமோக விளைச்சல்" என்று எழுதும் சங்கம், அடுத்த வருடம் திட்ட அலுவலர் வயலுக்கு வரும்போது விழிக்க நேரும்.

கதைக்கு யாரைத் தெரிவது? சங்கங்கள் வழக்கமாக அதிகம் விளைந்தவரையே தெரிகின்றன. சராசரிக்கு அருகில் நிற்பவரைத் தெரிவதே நல்லதென்பது எமது கருத்து. அவருடைய கதை மற்றவர்களின் கதையையும் சொல்லும். இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் தம் பெயரும் காணி விபரமும் எங்கெங்கோ போவது அச்சம் தரும். ஆகவே எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் பெறவேண்டும். பெயரைத் தவிர்க்க வேண்டும். படம் அனுப்புவதற்கும் தனியாகக் கேட்கவேண்டும்.

வேண்டுகோளில்தான் அநேக மடல்கள் தவறிவிடுகின்றன. "உங்கள் உதவி தொடரவேண்டும்" என்ற வரிக்கு எவராலும் பதில் எழுத முடியாது. தொகை, பொருள், திகதி மூன்றும் இருந்தால் அவர் "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒரே வரியில் பதில் தரலாம். எமது உதாரணச் சங்கத்தில் 258,000 ரூபா செலவாகி 42,000 ரூபா மீதி இருந்தது. புதிதாகப் பணம் கேட்டால் அது குழுக் கூட்டத்துக்குப் போகும்; மாதங்கள் செல்லலாம். கையிலுள்ள மீதியை வேறு தேவைக்குப் பயன்படுத்த அனுமதி கேட்பது அநேகமாக விரைவில் முடியும். ஆனால் அனுமதி எழுத்தில் வரும்வரை அதில் ஒரு சதமும் செலவிடக் கூடாது.

அவசரம் ஏன்? உழுந்து வயலில் காயாக நிற்கும்போதே வண்டு அதில் முட்டையிட்டுவிடுகிறது. புழு விதைக்குள் வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகத் துளைத்து வெளியேறி, மறுபடி முட்டையிடும். ஒக்டோபர் வரை சாக்கில் கிடந்தால் மிஞ்சுவது ஓட்டை விதையும் மாவும்தான். பல்லால் கடித்தால் சட்டென உடையுமளவுக்குக் காயவைத்து, காற்றுப் புகாத பரலில் வாய்வரை நிரப்பி மூடினால், உள்ளிருக்கும் வண்டு காற்றின்றி இறந்துவிடும். திகதிக்கான இந்தக் காரணத்தை மடலிலும் ஒரு வரியில் சொல்லவேண்டும்.

இனி அந்த மடல். மின்னஞ்சலைப் பலர் கைத்தொலைபேசியில் பார்ப்பதால், விடயம் என்ற தலைப்பு வரியிலேயே வேண்டுகோள் தெரியவேண்டும்.

"விடயம்: உழுந்து விதைத் திட்டம் – விளைவும், பெப்ரவரி 28க்கு முன் வேண்டும் அனுமதியும்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் உதவிக்கு எமது 42 குடும்பங்களின் நன்றி. முன்னைய பெரும்போகத்தில் இவர்களில் 11 பேரே விதைத்தனர். இம்முறை 39 பேர் விதைத்தனர். காணி துப்புரவாகாத 3 பேர் தமது 18 கிலோ விதையைத் திருப்பித் தந்தனர். ஜனவரி மழையில் 6 பேர் பயிரை இழந்தனர். 33 பேர் சராசரி 110 கிலோ வீதம் அறுத்தனர். அவர்களில் 31 பேர் 9 கிலோ வீதம் 279 கிலோ விதை தந்துள்ளனர், இருவர் தரவேண்டும். இழந்த ஆறு பேருக்கு அடுத்த போகம்வரை தவணை கொடுத்துள்ளோம்.

2008இல் விட்டுப்போன காணியில் ஒரு தாய் இம்முறைதான் மறுபடி விதைத்தார். 104 கிலோ கிடைத்தது. 9 கிலோவைச் சங்கத்துக்குத் தந்து, 70 கிலோவை விற்று, அடகிலிருந்த மகளின் தோட்டை மீட்டார். 25 கிலோ வீட்டில் இருக்கிறது. 'விதை கடன் வாங்காமல் விதைச்ச முதல் போகம் இது' என்கிறார்.

களஞ்சியத்தில் இப்போது 297 கிலோ விதை உள்ளது. வரும் ஒக்டோபரில் 49 குடும்பங்களுக்கு இது போதும். சாக்கில் இருந்தால் வண்டு அழித்துவிடும். ஆகவே மீதியாகவுள்ள 42,000 ரூபாவில் 39,500 ரூபாவுக்கு 200 லீற்றர் பரல் இரண்டும், காயவைக்கத் தறப்பாள் நான்கும் வாங்க அனுமதி வேண்டுகிறோம். பெப்ரவரி 28க்கு முன் பதில் தந்தால் முதல் வண்டு வெளிவருமுன் விதையை மூடிவிடலாம். இரு கடைகளின் விலைச்சிட்டையும் செலவுக் கணக்கும் இணைத்துள்ளோம்.

செயலாளர்"

இம்மடலை முதலில் தமிழில் எழுதி, செயற்குழுவில் வாசித்து, பொருளாளரின் கணக்குப் புத்தகத்தோடு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டபின், வேண்டுமானால் ஆங்கிலத்துக்கு மாற்றலாம். வசனங்கள் சிறிதாக இருந்தால் மொழிபெயர்ப்பவர் பொருளைத் தவறவிடமாட்டார். பெப்ரவரி 20இல் அனுப்பி 25 வரை பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் நினைவூட்டி, அன்றே தொலைபேசியிலும் கேட்கலாம். அதுவரை விதையை வெயிலில் காயவைத்து, சல்லடையால் புடைத்து, ஓட்டை விழுந்ததை ஒதுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.