மூன்று வயதில் இறந்த நாவலாசிரியர்
(வேர்ட் கட்டுரையை மார்க்டவுனுக்கு மாற்றும் முறை)

எமது தமிழ் மன்றத்தின் இதழ்க் குழு இம்முறை எல்லா ஆக்கங்களையும் மார்க்டவுன் வடிவில் கேட்டிருந்தது. அச்சுக்கும் கைத்தொலைபேசியில் வாசிப்பதற்கும் ஒரே கோப்பு போதும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் சித்திலெப்பை பற்றி ஒரு கட்டுரையை வேர்ட் கோப்பாக எழுதி வைத்திருந்தேன். அதை அப்படியே பிரதி எடுத்து ஒட்டி, இரண்டொரு குறியீடுகளைச் சேர்த்து, வீட்டாரிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

வாப்பா முதலில் வாசித்தார். "ஐம்பது பிள்ளைகள்ல நாப்பத்து மூணு பேர் அசன்பே சரித்திரம் வாசிச்சிருக்காங்களே, நல்ல விஷயம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் விசாரித்தபோது வாசித்திருந்தவர்கள் 4 பேர் மட்டுமே. அந்தக் கவலையில்தான் கட்டுரையையே எழுதினேன்.

பிறகு உம்மா கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மகள், இந்த மனுசன் மூணு வயசுல மௌத்தாகிட்டாரா?" என்று கேட்டார்.

இரண்டு பிழைகளும் நான் எழுதியவை அல்ல, ஒட்டியபோது உண்டானவை. எழுத்துப் பிழை என்றால் கண்ணில் படும். இவை இரண்டும் சரியான வாக்கியங்கள் போலவே இருந்தன. ஆகவே, அவை எப்படி வந்தன, எப்படித் திருத்தினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

மார்க்டவுன் என்றால் என்ன?

ஜோன் குரூபர் என்பவர் 2004இல் வெளியிட்ட எழுத்து முறை இது. இதில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் இல்லை. எது தலைப்பு, எது இணைப்பு என்பதை வெறும் எழுத்துக்குள்ளேயே சிறு குறியீடுகளால் சொல்லிவிடுவோம். கோப்பைக் காட்டும் செயலி அக்குறியீடுகளைப் படித்து அழகாக்கித் தரும்.

வேர்ட் கோப்பில் எழுத்தின் அளவு, தடிப்பு, மேலெழுத்து, இணைப்பு முகவரி எல்லாம் எழுத்துக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. வெறும் எழுத்தாக ஒட்டும்போது எழுத்து மட்டும் வந்து சேரும். பின்னால் இருந்தவை எல்லாம் உதிர்ந்துவிடும். எனவே, உதிரப்போவதை ஒட்டுவதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

அடிக்குறிப்பு எண்கள்

என் கட்டுரையில் அடிக்குறிப்பு எண்களை நானே தட்டி, மேலெழுத்தாக மாற்றியிருந்தேன். "வாசித்தவர் 4 பேர்" என்ற இடத்தில் 4க்கு மேலே சிறிய 3 இருந்தது. ஒட்டியதும் அந்தச் சிறிய 3 சாதாரண 3 ஆகி, 4ஐ ஒட்டிக்கொண்டு 43 ஆகிவிட்டது. ஓர் ஆண்டுக்குப் பக்கத்தில் இது நடந்திருந்தால் 18852 என்று வந்து உடனே அகப்பட்டிருக்கும். 43 அகப்படாது, ஏனெனில் 50 பேரில் 43 பேர் இருக்க முடியும்.

இதற்கான வழி, ஒட்டுவதற்கு முன் வேர்டிலேயே மேலெழுத்துகளைக் குறியீடாக மாற்றுவது. மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் திறந்து `Ctrl+H` அழுத்துங்கள். `Find what` பெட்டியில் எதையும் எழுதாமல், `More`, `Format`, `Font` வழியாகச் சென்று `Superscript` என்பதை மட்டும் தெரிவுசெய்யுங்கள். `Replace with` பெட்டியில் இதை எழுதுங்கள்:

```
[^^^&]
```

இதில் `^^` என்பது ஒரு `^` குறியையும், `^&` என்பது கண்டுபிடித்த எண்ணையும் குறிக்கும். ஆகவே, மேலே இருந்த 3 இப்போது `[^3]` ஆகும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். சதுர மீற்றரைக் குறிக்கும் சிறிய 2 போன்றவையும் மேலெழுத்தே என்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

ஒட்டிய பிறகு குறியை வாக்கியத்தின் முடிவுக்கு நகர்த்தினேன். எண்ணுக்கு அருகில் குறி இல்லாவிட்டால் நாளை வேறொருவர் ஒட்டும்போதும் குழப்பம் வராது. அடிக்குறிப்பின் வாசகத்தைத் தனி வரியில் இப்படி எழுத வேண்டும்:

```
50 மாணவியரில் அந்நாவலை வாசித்தவர் 4 பேர்.[^3]

[^3]: பெயரை மட்டும் கேள்விப்பட்டோர் சேர்க்கப்படவில்லை.
```

சரிபார்ப்பது எளிது. கோப்பில் `[^` என்று தேடுங்கள். ஒவ்வோர் அடிக்குறிப்புக்கும் ஒரு குறியும் ஒரு விளக்கமும் இருப்பதால், ஒரு குறியை இரண்டு இடங்களில் பயன்படுத்தாத வரை எண்ணிக்கை இரு மடங்காக இருக்க வேண்டும். எனக்கு மூன்று அடிக்குறிப்புகள், ஆகவே ஆறு வர வேண்டும். ஐந்துதான் வந்தது. இரண்டாவது குறிப்பின் விளக்கம் மூலக் கோப்பின் கடைசிப் பக்கத்திலேயே விடுபட்டுப் போயிருந்தது.

ஒன்றை நினைவில் வையுங்கள். குரூபரின் முதல் வடிவத்தில் அடிக்குறிப்பு இல்லை. அது பின்னர் சேர்ந்தது. ஆகவே, சில செயலிகள் `[^3]` என்பதை அப்படியே காட்டும். அது உங்கள் பிழையல்ல. இதழ்க் குழு எந்தச் செயலியில் திறக்கிறது என்பதை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்புகளும் பந்திகளும்

ஒட்டிய எழுத்தில் தலைப்பும் பந்தியும் ஒரே அளவில் நிற்கும். மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து, கட்டுரையின் பெயருக்கு ஒரு `#`, உள்ளே வரும் உபதலைப்புகளுக்கு இரண்டு என இடுங்கள். குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம்.

```
# சித்திலெப்பையும் அசன்பேயும்

## முன்னுரை
```

வேர்டில் ஒருமுறை `Enter` அழுத்தினால் புதிய பந்தி. மார்க்டவுனிலோ அடுத்தடுத்த இரு வரிகள் ஒரே பந்தியாகச் சேர்ந்துவிடும். எனவே, பந்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விட வேண்டும்.

இடைவெளி இட்டும் ஒரு உபதலைப்பு மட்டும் `##` உடன் அப்படியே தெரிந்தது. அரை மணி நேரம் முழித்தேன். வேர்டில் சொற்கள் பிரியாமலிருக்கப் பயன்படும் ஒருவகை இடைவெளி உண்டு. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே தெரியும், ஆனால் மார்க்டவுன் அதை இடைவெளியாக ஏற்காது. அதை அழித்துவிட்டு இடைவெளியைப் புதிதாகத் தட்டியதும் தலைப்பு சரியாயிற்று.

வரியின் தொடக்கத்தில் ஆண்டு

இனி உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கட்டுரையின் இறுதியில் சித்திலெப்பையின் வாழ்க்கைக் குறிப்பை இப்படி எழுதியிருந்தேன்:

```
1838. கண்டியில் பிறப்பு
1882. முஸ்லிம் நேசன் பத்திரிகை தொடக்கம்
1885. அசன்பே சரித்திரம் வெளியீடு
1898. மறைவு
```

வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால், மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். பட்டியலில் முதல் எண்ணை மட்டுமே அது மதிக்கும். மற்றவற்றைத் தானே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே, திரையில் 1838, 1839, 1840, 1841 என்று வந்தது. பிறந்து ஓராண்டில் பத்திரிகை, இரண்டாவது வயதில் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனக் கொள்ளப்படும் நூல், மூன்றாவது வயதில் மறைவு! கோப்பில் ஆண்டுகள் சரியாகவே இருந்ததால், கோப்பை மட்டும் பார்த்த எனக்குப் பிழை தெரியவேயில்லை.

புள்ளிக்கு முன் ஒரு சாய்கோடு இட்டால் அது வெறும் புள்ளி ஆகிவிடும்:

```
1838\. கண்டியில் பிறப்பு
```

நான் அதைவிட எளிய வழியைப் பிடித்தேன். புள்ளியை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் `- 1838: கண்டியில் பிறப்பு` என்று எழுதினேன். கோடு அதைச் சாதாரணப் பட்டியலாக்குகிறது, ஆண்டு ஆண்டாகவே நிற்கிறது.

இணைப்புகள்

வெறும் எழுத்தாக ஒட்டும்போது நீல நிறச் சொல் மட்டும் வரும், முகவரி வராது. ஆகவே, மூலக் கோப்பில் ஒவ்வொரு நீலச் சொல்லின் மீதும் வலது பக்கச் சொடுக்கு இட்டு முகவரியைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்டவுனில் சொல் சதுர அடைப்புக்குள்ளும் முகவரி வளைந்த அடைப்புக்குள்ளும் வரும்:

```
[நூலகம்](https://noolaham.org/)
```

இரண்டு அடைப்புகளுக்கும் இடையே இடைவெளி விட்டால் இணைப்பு உருவாகாது. முகவரியின் முடிவில் `?utm_source=` என்று தொடங்கும் வால் இருந்தால், அது யார் எங்கிருந்து வந்தார் என்று கணக்கெடுப்பதற்கானது. பக்கத்துக்கு அது தேவையில்லை. வெட்டிவிட்டு, ஒருமுறை திறந்து பாருங்கள். ஆனால் கேள்விக்குறிக்குப் பின் வருவதெல்லாம் இப்படி வெட்டக்கூடியது அல்ல. சில தளங்களில் பக்கத்தின் இலக்கமே அங்குதான் இருக்கும். நான் ஒன்றை அப்படி வெட்டி, கட்டுரைக்குப் பதில் முகப்புப் பக்கத்துக்குப் போய் நின்றேன்.

"இங்கே அழுத்தவும்" என்று எழுதியிருந்த இடங்களையும் மாற்றினேன். அச்சில் யாரால் அழுத்த முடியும்? போகும் இடத்தின் பெயரே அங்கு இருக்க வேண்டும்.

பாமினியில் எழுதியவர்களுக்கு

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கட்டுரை என்றால், ஒட்டியதும் "தமிழ்" என்பது `jkpo;` என்று தெரியும். அதை முதலில் யுனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை முழுதாக வாசித்துத் திருத்திய பின்னரே மேற்சொன்னவற்றைத் தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோப்பைச் செயலியில் காட்சியாகத் திறந்தேன். மூலக் கட்டுரையைத் தாத்தா கையில் கொடுத்து, திரையில் தெரிந்த எண்களை மட்டும் ஒவ்வொன்றாக உரத்து வாசித்தேன். அவள் "சரி", "சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது என் கட்டுரையில் சித்திலெப்பை 1898இல்தான் மறைகிறார். அவருடைய நாவலை வாசித்தவர்கள் 4 பேர்தான். வாப்பாவிடம் அதைச் சொன்னபோது அவருடைய முகம் வாடியது. "அப்ப அந்தப் புத்தகத்தை எனக்கும் எடுத்துத் தாங்க மகள்" என்றார்.