சம்பந்தம் விசாரிக்க வருபவரிடம் என்ன சொல்லலாம்?



முல்லா வீதியில் காலையில் பேசியது மாலைக்குள் கோட்டக்குப்பம் போய்ச் சேர்ந்துவிடும். நெருங்கி வாழும் ஊரில் அது இயல்புதான். பெண்ணோ மாப்பிள்ளையோ விசாரிக்க வரும்போதுதான் இந்தப் பேச்சு ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாக மாறிவிடுகிறது.

என் தவறையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் சலாம் சொல்லி, எங்கள் தெருப் பையன் ஒருவனைப் பற்றிக் கேட்டார். பையன் தொழுகையாளி, நல்ல வேலையில் இருந்தான். அவன் வாப்பா வியாபாரத்தில் நொடித்துக் கடன்பட்டிருந்தார் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். "நல்ல குடும்பம்தான்..." என்று இழுத்துவிட்டு, "அல்லாஹ் போதுமானவன்" என்று பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. கடன் அதற்கு முன்பே அடைபட்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பொய் சொல்லவில்லையே என்று மனம் சமாதானம் சொன்னது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் புறம் என்றால் என்னவென்று விளக்கியபோது, ஒருவர் வெறுக்கும் விஷயம் அவரிடம் உண்மையிலேயே இருந்து அதை அவர் இல்லாத இடத்தில் பேசுவதுதான் புறம் என்றும், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்றும் சொல்லியிருக்கிறார்கள். இது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். எனவே 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்பது தப்பிக்கும் வழியல்ல. பக்தியான வார்த்தையாலும் சைகையாலும் குறையை உணர்த்துவதும் புறம்தான் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். என் பெருமூச்சு அந்த வகை.

அப்படியானால் விசாரிப்பவரிடம் வாயே திறக்கக் கூடாதா? இதற்குப் பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி வழிகாட்டுகிறது. தலாக்கிற்குப் பின் இத்தா முடிந்ததும், முஆவியாவும் அபூ ஜஹ்மும் தம்மைப் பெண் கேட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் சொல்லி ஆலோசனை கேட்டார்கள். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர், முஆவியா பொருள் இல்லாத ஏழை என்று நபியவர்கள் சொல்லி, உஸாமா பின் ஸைதை மணந்துகொள்ளச் சொன்னார்கள். முதலில் தயங்கிய அந்தப் பெண்மணி பிறகு சம்மதித்தார். அந்த வாழ்க்கை நல்லபடி அமைந்தது.

இதில் உள்ள அளவைப் பாருங்கள். கேட்டவர் வாழப்போகும் பெண். வேடிக்கை கேட்க வந்தவர் அல்ல. சொல்லப்பட்டவை கைநீட்டும் குணம், வருமானம் என இரண்டே விஷயங்கள். இரண்டும் குடும்ப வாழ்க்கையைத் தொடுபவை. அவர்களின் பரம்பரையோ பழைய கதையோ இழுக்கப்படவில்லை. இன்னொன்று, அன்று ஏழையாக இருந்த முஆவியா (ரலி) பிற்காலத்தில் கலீஃபாவானார்கள். அந்த வார்த்தை அன்றைய நிலைக்கானது. ஆயுள் முத்திரை அல்ல.

இதனால்தான் இமாம் நவவி (ரஹ்) புறம் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைச் சொல்லும்போது, திருமண ஆலோசனையையும் அதில் சேர்க்கிறார்கள். 'இந்த இடம் உங்களுக்குச் சரிவராது' என்பதோடு காரியம் முடிந்தால் குறையை விரிக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறார்கள்.

இந்த அளவில் என் விஷயத்தை வைத்துப் பார்க்கிறேன். கேட்டவர் உரியவர்தான். ஆனால் கடன் நான் நேரில் அறிந்ததல்ல. அது பையனுடையதும் அல்ல. நான் சொல்லியிருக்க வேண்டியது: "பையனை எனக்குத் தெரியும், தொழுகையாளி, உழைப்பாளி. வீட்டு வரவு செலவு எனக்குத் தெரியாது, அவர்களிடமே கேளுங்கள்." தெரியாததைத் 'தெரியாது' என்று முழுதாகச் சொல்ல வேண்டும், பாதியில் நிறுத்தினால் மீதியைக் கேட்பவரின் சந்தேகம் எழுதிக்கொள்ளும்.

மறுபக்கமும் உண்டு. பையன் குடிக்கிறான், மனைவியை அடித்து விரட்டியவன் என்று நீங்களே நேரில் அறிந்திருந்தால், உறவு கெடுமே என்று மறைப்பது மோசடி. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்துக்கு உரியவர் என்பது நபிமொழி. கேட்டவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே செய்தியைப் போட்டால் அனுமதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

தவறிப் பேசிவிட்டால்? தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருமுன், மானத்தில் செய்த அநியாயத்துக்கு இன்றே மன்னிப்புப் பெறும்படி நபியவர்கள் கட்டளையிட்டார்கள். நான் முதலில் விசாரித்தவரைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொன்னேன். அதற்குள் அவர் மகளுக்கு வேறிடத்தில் நிக்காஹ் முடிந்திருந்தது. பிறகு பையனின் வாப்பாவிடம் போனேன். அவர் மன்னித்தார். ஆனால் நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் வாசலில் ஒருவர் சலாம் சொல்லி விசாரித்தால், பதிலுக்கு முன் இதை நினைவில் வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் நாவையும் பாதுகாப்பானாக! ஆமீன்.