ஆற்றுப் பாடத்தைச் சோடிகளாகச் சுருக்குவது

இரத்தினபுரிப் பக்கத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலையில் சாதாரண தரப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறும் நிலவுருவங்களும் பற்றிய அலகைச் சுருக்கச் சொன்னால், பலர் கொப்பியில் "அரிப்பு – நீர்வீழ்ச்சி", "படிவு – வெள்ளச் சமவெளி" என்று எழுதி வருவார்கள். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு "அரிப்பு" என்பதை மட்டும் பார்த்து எதை வரைவது? பள்ளத்தாக்கையா, மலையிடுக்கையா, அருவியையா? இடப்பக்கத்தைப் படித்ததும் ஒரே ஒரு உருவம் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் செயல்முறை இன்னும் எழுதப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

ஆகவே இடப்பக்கத்தில் ஆறு எங்கே, ஏன் அப்படிச் செய்கிறது என்று ஒரு வரி எழுதி, வலப்பக்கத்தில் அதன் படத்தை வரையச் சொல்கிறேன். படத்துக்கு மூன்றே குறிகள்: அம்பு நீரின் வேகம், வேகம் கூடினால் அம்பு நீளும், பல்போன்ற கோடு அரிப்பு, புள்ளிகள் படிவு.

குருவிட்டைக்கு அருகிலுள்ள போபத் எல்லவை எடுத்தால் இடப்பக்க வரி இது: "உறுதியான பாறை மேலே நிற்க, கீழே விழும் நீர் அடியைக் குடைகிறது, தாங்கலின்றி மேற்பாறை உடைகிறது." படத்தில் பல்கோடு அருவியின் அடியில் மட்டும் வரவேண்டும். நமது மலைகள் பழைய உருமாறிய பாறைகளாலானவை. பாறையின் வெடிப்புகளும் உறுதி வேறுபாடும் அருவியின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. பாடநூல் காட்டும் அடுக்கடுக்கான கிடைப்பாறை ஒரு மாதிரிப் படம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

வளைவுக்கு ஒரு சோடி போதாது. வெளிக்கரையில் நீர் வேகமாக மோதி அரிக்கிறது, உட்கரையில் வேகம் குறைந்து மணல் படிகிறது. மேலிருந்து பார்க்கும் பாம்பு வளைவை வரைந்தால் இது தெரியாது. ஆற்றைக் குறுக்கே வெட்டி வரையுங்கள்: ஒரு பக்கம் செங்குத்து, ஆழம், நீண்ட அம்பு, பல்கோடு, மறுபக்கம் சரிவு, குட்டை அம்பு, புள்ளிகள்.

வெள்ளச் சமவெளிக்கு இரத்தினபுரியைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. களு கங்கை சிவனொளிபாத மலைப்பகுதியில் பிறந்து, குறுகிய தூரத்தில் வெகுவாக இறங்கி, இங்கே சட்டென்று தட்டையான நிலத்துக்கு வருகிறது. வேகம் குறைந்ததும் பாரமானது முதலில் தங்கும். கரையைத் தாண்டிப் பரவும் வெள்ளம் மணலைக் கரையோரத்திலும் களியைத் தொலைவிலும் விடும். மாணிக்கக் குழி வெட்டுபவர்களுக்கு இந்தப் படிவின் வரிசை நன்றாகத் தெரியும்: மேலே களி, நடுவே மணல், கீழே கற்கள் நிறைந்த இல்லம். மாணிக்கமும் பாரமானதால் அந்தக் கற்களோடுதான் கிடக்கிறது. குழியின் வெட்டுமுகத்தை வரைந்து, இந்தப் படத்தில் மட்டும் படிவின் குறியைப் பிரித்து, களிக்குச் சிறு கோடும் மணலுக்குப் புள்ளியும் இல்லத்துக்கு வட்டமும் போட்டால் சமவெளி எப்படி உருவானதென்று அந்தப் படமே சொல்லும்.

கடைசியில் இடப்பக்கத்தை மறைத்து, படத்தைப் பார்த்துச் செயல்முறையைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களிடமும் அக்கா அண்ணன்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் வரைந்த படத்தை ஒட்டக் கொடுக்காதீர்கள்; கோணலாக இருந்தாலும் பிள்ளையே வரையட்டும்.